மறையூர் வெல்லத்துக்கு ஒரு கட்டுரை: கூகுள் தேடலுக்காக எழுதும் வேலை எப்படி நடக்கிறது?

ஒரு கடைக்காரரோ விவசாயியோ தன் இணையதளத்துக்குக் கட்டுரை கேட்கிறார். கூகுளில் தேடுகிறவர்கள் கண்ணில் அது படவேண்டும், படித்தவர்களில் சிலராவது அவரிடம் வாங்கவேண்டும். இதற்காக எழுதிக் கொடுப்பதைத்தான் எஸ்.இ.ஓ. எழுத்து என்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட சொல்லைக் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டால் கூகுள் மேலே தூக்கிவிடும் என்று புதிதாக வருகிற பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்லைத் திணிப்பதை ஸ்பேம் என்றே கூகுள் தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. உண்மையில் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் தேடல் பெட்டியில் ஒரு கேள்வி கேட்கிறார். அதற்கு ஏற்கெனவே இருக்கும் பக்கங்களைவிட நல்ல பதில் நாம் கொடுக்கவேண்டும். அந்தப் பதிலுக்கான சரக்கு பெரும்பாலும் மற்ற இணையதளங்களில் கிடைக்காது. வாடிக்கையாளரின் வாயில்தான் கிடைக்கும். நான் இங்கே சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலையில் எல்லை தாண்டி, சின்னாறு காட்டைக் கடந்தால் மறையூர். இடுக்கி மாவட்டம். கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்தே கேட்கும். கரும்பு விளைகிற ஊர். கொப்பரையில் காய்ச்சி, கையால் உருட்டிய கருத்த உருண்டை வெல்லம் இங்கே பெயர்பெற்றது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கே சொந்தமாக ஆலை ஆட்டுகிற ஒருவர் சிறிய இணையதளம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு வருகிறது: “தம்பி, மறையூர் வெல்லம்னு அடிச்சா நாமதான் முதல்ல வரணும். ஆயிரத்து ஐந்நூறு வார்த்தை. அந்தப் பேரு பதினஞ்சு தடவையாவது வரணும். உடம்புக்கு நல்லதுன்னு எல்லாம் எழுதிருப்பா.”

இதுதான் பிரீஃப். அதாவது, என்ன வேண்டும் என்று வாடிக்கையாளர் கொடுக்கும் குறிப்பு. பெரிய ஏஜென்சிகள் இதையே இரண்டு பக்க ஆவணமாக அனுப்புவார்கள். சிறிய ஆட்கள் குரல்பதிவாக அனுப்புவார்கள். எந்த வடிவில் வந்தாலும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிடக் கூடாது. பிடிக்காத பகுதியை வாய்திறக்காமல் மாற்றி எழுதுவதும் சரியில்லை. கேள்வி கேட்டுத் தெளிவாக்கி, எழுத்தில் திருப்பி அனுப்பி, “இப்படித்தானே?” என்று ஒப்புதல் வாங்கவேண்டும். என்ன கேட்பது என்பது கீவேர்டு பார்த்த பிறகுதான் தெரியும் என்பதால் முதலில் அங்கே போவோம்.

தேடுகிறவர் எப்படி அடிக்கிறார்?

கீவேர்டு என்பது தேடுகிறவர் பெட்டியில் அடிக்கும் சொற்கள்தான். எல்லையோரத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு: ஒரே பொருளை நான்கைந்து விதமாக அடிப்பார்கள். உடுமலைக்காரர் “மறையூர் வெல்லம்” என்று தமிழில் அடிக்கலாம், `marayoor vellam` என்று ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். கோவையில் கடை வைத்திருப்பவர் `marayur jaggery` என்பார். கேரளத்துக்காரர் `marayoor sarkkara` என்று தேடுவார், ஏனென்றால் மலையாளத்தில் வெல்லத்துக்குச் சர்க்கரை என்றுதான் பெயர். தமிழில் அதே சொல்லை அடிப்பவருக்கு வெள்ளைச் சீனியோ நாட்டுச்சர்க்கரையோ தேவையாக இருக்கலாம். ஊர்ப்பெயரிலும் `marayoor`, `marayur` என இரண்டு எழுத்துமுறை புழங்குகிறது. இதில் எதைப் பிடிப்பது?

எல்லாவற்றையும் பிடிக்க முயலவேண்டாம். ஒரு பக்கம், ஒரு மொழி. தமிழில் எழுதிய கட்டுரை முக்கியமாகத் தமிழ் எழுத்தில் தேடுபவருக்குத்தான் போகும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறவருக்கும் சில சமயம் தமிழ்ப் பக்கம் வரும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. அதனால் முதல் கேள்வி வாடிக்கையாளருக்குத்தான்: “அண்ணே, உங்களுக்கு ஃபோன் பண்றவங்க எந்த ஊருக்காரங்க? எந்த மொழியில பேசுறாங்க?” நம் ஆலைக்காரரிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உடுமலை, பொள்ளாச்சி, திருப்பூர்ப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று தெரிகிறது. சரி, தமிழில் எழுதலாம்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்: “வாங்கறதுக்கு முன்னாடி என்ன கேக்குறாங்க?” அவர் யோசிக்காமலே சொல்வார்: “இது ஒரிஜினல் மறையூர் வெல்லம்தானான்னுதான் கேப்பாங்க. வெளிவெல்லத்தைக் கொண்டாந்து மறையூர் பேரைச் சொல்லி வித்துடுறாங்கல்ல. அப்புறம் ஏன் இவ்ளோ கருப்பா இருக்குன்னு கேப்பாங்க. வெலை கேப்பாங்க.” எந்தக் கருவியும் தராத கீவேர்டு பட்டியல் இது.

அப்புறம்தான் கூகுளுக்குப் போகவேண்டும். உங்கள் பழைய தேடல்கள் குறுக்கே வராதபடி மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, “மறையூர் வெல்லம்” என்று அடித்து ஒரு இடைவெளி விடுங்கள். கீழே விரிகிற பரிந்துரைகள் ஏற்கெனவே பலர் தேடியவை. அவற்றைக் குறித்துக்கொண்டு, `marayoor jaggery` என்றும் அடித்துப் பாருங்கள். முடிவுகளுக்கு நடுவே கேள்விகளாக விரியும் ஒரு பெட்டி வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குக் காசு கிடையாது. ஒரு சொல் எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானரும் இலவசம்தான், ஆனால் விளம்பரத்துக்குச் செலவழிக்காத கணக்குகளுக்கு “மாதம் 10 முதல் 100”, “100 முதல் 1000” என்று அகலமான எல்லைதான் காட்டும். எங்கள் மாதிரி சிறிய ஊர்ப்பெயர்களுக்குத் தமிழில் அடித்தால் பல நேரம் ஒன்றுமே காட்டாது. அதைப் பார்த்து யாரும் தேடவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆலைக்காரரின் ஃபோன் தினமும் அடிக்கிறது என்றால் தேடலும் இருக்கிறது.

கடைசியாக, முதல் பக்கத்து முடிவுகளை உட்கார்ந்து படியுங்கள். எண்களைவிட இதில்தான் நிறையத் தெரியும். `marayoor jaggery` என்று மட்டும் அடித்தால் பெரும்பாலும் விற்பனைப் பக்கங்கள் வருகின்றன என்றால், அப்படி அடிக்கிறவர் வாங்க வந்தவர் என்று கூகுள் கணித்திருக்கிறது. அங்கே ஒரு விளக்கக் கட்டுரையைக் கொண்டுபோய் நிறுத்தினால் மேலே ஏறாது. அதுவே “அசல் மறையூர் வெல்லம் எப்படிக் கண்டுபிடிப்பது” என்ற தேடலுக்குப் பொதுவான வெல்லக் கட்டுரைகளே வந்து, மறையூரைப் பற்றி யாருமே சொல்லவில்லை என்றால், அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. இந்தக் காலியிடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கீவேர்டு ஆய்வு. தேடுபவர் எதற்காகத் தேடுகிறார் என்பதைத் தேடல் நோக்கம் என்பார்கள். நோக்கம் பொருந்தாத கீவேர்டு எவ்வளவு பெரிய எண்ணிக்கை காட்டினாலும் நமக்கு உதவாது.

பிரீஃபைத் திருப்பி எழுதுதல்

இப்போது ஆலைக்காரருக்கு அனுப்பும் பதில் இப்படி இருக்கும். “மறையூர் வெல்லம்” என்ற தேடலுக்கு உங்கள் விற்பனைப் பக்கத்தைச் சீராக்குவோம். கட்டுரை வேறு: அசலை அடையாளம் காண்பது எப்படி. படிப்பவர், பொங்கலுக்கு வெல்லம் வாங்க நினைக்கும் தமிழ்நாட்டுக் குடும்பம். நீளம் 900 முதல் 1,100 சொற்கள். ஆலையில் எடுத்த ஐந்து படங்கள் நீங்கள் தரவேண்டும். கடைசியில் உங்கள் விற்பனைப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு. ஒரு முறை திருத்தம். தேதி, தொகை, முன்பணம்.

அவர் கேட்டது 1,500 சொல், நாம் குறைக்கிறோம். இதற்குக் காரணம் சொல்லவேண்டும். இத்தனை சொல் இருந்தால்தான் மேலே வரும் என்று கூகுளில் எந்தக் கணக்கும் கிடையாது, கேள்விக்கு எவ்வளவு பதில் தேவையோ அவ்வளவு போதும். காரணம் சொல்லிய பிறகும் 1,500 தான் வேண்டும் என்றால் எழுதிக் கொடுக்கலாம். அந்த இடத்தை நிரப்ப கூடுதல் விவரம் அவர் தரவேண்டும்.

“பதினைந்து தடவை” என்பதைத் தமிழில் கொஞ்சம் விளக்கியே ஆகவேண்டும். தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு ஏறி உருமாறும். “மறையூர் வெல்லத்தை”, “மறையூர் வெல்லத்தின்”, “மறையூர் வெல்லத்தில்” என்று இயல்பாக எழுதிவிட்டு, “மறையூர் வெல்லம்” என்று தேடி எண்ணிப் பார்த்தால் நான்குதான் இருக்கும். வாடிக்கையாளர் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள் என்பார். எண்ணிக்கையைக் கூட்ட “மறையூர் வெல்லம் நிறம் எப்படி இருக்கும்? மறையூர் வெல்லம் சுவை எப்படி இருக்கும்?” என்று எழுதினால் வாசகர் இரண்டாவது வரியிலேயே ஓடிவிடுவார். உருபு ஏறாத வடிவத்தைத் தலைப்பிலும், முதல் பத்தியிலும், ஓர் உள்தலைப்பிலும் வையுங்கள். மற்ற இடங்களில் வாக்கியம் கேட்கிற வடிவத்தில் வரட்டும். அவருக்கும் “மறையூர் வெல்ல” என்று வெட்டித் தேடச் சொல்லுங்கள், எல்லா வடிவங்களும் எண்ணிக்கையில் வந்துவிடும்.

பிரீஃபில் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்பது “உடம்புக்கு நல்லது” பகுதி. வெல்லம், சர்க்கரை நோய் என்று சேர்த்துத் தேடுகிறவர்கள் நிறைய உண்டு, அதனால் அந்தக் கீவேர்டு ஆசைகாட்டும். ஆனால் வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். “சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்” என்று எழுதினால் அதை நம்பி ஒருவர் சாப்பிடுவார். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறைகளும் தடுக்கின்றன. பழி முதலில் விழுவது விற்கிற ஆலைக்காரர் மேல்தான். இதை அவரிடம் சொன்னால் புரிந்துகொள்வார்.

சரக்கு எங்கிருந்து வரும்?

இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். முதல் பத்து முடிவுகளைத் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு வரி எடுத்து, சொற்களை மாற்றி அடுக்குகிறார்கள். அது திருட்டு, சொல்லை மாற்றினாலும் திருட்டுதான். இன்னொரு வகை, ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கிற கட்டுரையைத் தமிழாக்கிப் போடுவது. திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் எழுத்துகளை ஒப்பிடுகின்றன. மொழி மாறினால் பெரும்பாலும் பிடிபடாது, “100 சதவீதம் அசல்” என்று பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சை விளக்கை நம்பவேண்டாம். இரண்டு மொழியும் படிக்கிறவர்கள் எல்லையோரத்தில் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும். மொழிபெயர்ப்பும் மூல ஆசிரியரின் உரிமைக்குள் வருகிறது என்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.

இதிலிருந்து தப்பும் ஒரே நம்பகமான வழி, யாரிடமும் இல்லாத விவரத்தை வைத்து எழுதுவது. ஆலைக்காரருடன் அரைமணி நேரம் பேசுங்கள், அனுமதி வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் இருந்தால் ஆலைக்கே போய்விடுங்கள். பொதுக்கேள்வி வேண்டாம். “உங்க வெல்லத்தோட சிறப்பு என்ன?” என்று கேட்டால் “சுத்தமானது, தரமானது” என்ற பதில்தான் வரும். “கொப்பரையில பதம் வந்துடுச்சுன்னு எப்படிப் பாக்குறீங்க? அடுப்புக்கு என்ன போடுறீங்க? உருண்டையை எவ்ளோ சூட்டுல உருட்டுவீங்க? மழைக்காலத்துல நிறம் மாறுமா? போன தடவை ஒருத்தர் வாங்கின போலியை உங்ககிட்ட கொண்டுவந்து காட்டினாரே, அதுல என்ன வித்தியாசம் பாத்தீங்க?” என்று கேளுங்கள். கரும்புச் சக்கையைக் காயவைத்து அடுப்பெரிப்பது, பாகு ஆறுவதற்குள் கையில் மாவு தடவியோ தடவாமலோ உருட்டுவது என்று அவர் தன் ஆலைக் கதையைச் சொல்வார். அதை எழுதினால் அது உங்கள் கட்டுரை.

அவர் சொல்வதையும் சரிபார்க்கவேண்டும். “கருப்பா இருந்தா அசல்” என்று அவர் சொல்லலாம். வெல்லம் வெளிர் மஞ்சளாக வருவதற்கு ஹைட்ராஸ் என்று சொல்லப்படுகிற சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சில இடங்களில் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் மருந்து சேர்க்காத வெல்லம் வேறு ஊர்களிலும் கருப்பாகத்தான் இருக்கும். ஆகவே நிறம் ஒரு குறிப்பு மட்டுமே, ஊரைச் சொல்லாது. கட்டுரையில் அதை அப்படியே எழுதுங்கள்: வீட்டில் வைத்துப் பார்த்து மறையூர்தான் என்று நூறு சதவீதம் உறுதி செய்ய முடியாது, உருண்டை வடிவம், நிறம், வாங்கும் இடம், புவிசார் குறியீடு, பொதியில் உற்பத்தியாளர் பெயரும் உணவு உரிம எண்ணும் என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். இந்த நேர்மை விற்பனையைக் கெடுக்கும் என்று ஆலைக்காரர் பயப்படுவார். “நேரா ஆலையில இருந்தே வாங்கிக்கோங்க” என்ற முடிவுக்கு வாசகரைத் தானாகக் கொண்டுவருவது அந்த நேர்மைதான் என்று காட்டினால் பயம் போய்விடும்.

வெளியிலிருந்து எடுக்கிற தகவல் சிலது இருக்கும், குறியீடு கிடைத்த ஆண்டு மாதிரி. அதை எங்கிருந்து எடுத்தோம் என்று வரிக்குள்ளேயே சொல்லி இணைப்புக் கொடுங்கள். படங்களைக் கூகுளிலிருந்து இறக்காதீர்கள். எழுதி முடித்ததும் சந்தேகமான வரிகளில் எட்டு, பத்துச் சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். படித்தது தெரியாமல் கையில் ஒட்டியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

எழுதும் முறையில் ஒன்றுதான் சொல்வேன். பதிலை முதல் இரண்டு பத்திகளுக்குள் கொடுத்துவிடுங்கள். “தமிழர் வாழ்வில் வெல்லத்தின் பங்கு” என்று ஆரம்பித்தால் தேடி வந்தவர் பின்பொத்தானை அழுத்திவிடுவார். தலைப்பு தேடுபவரின் கேள்வியாகவே இருக்கட்டும்.

முடிவைச் சொல்வது

கட்டுரை வெளியான பிறகு என்ன நடந்தது என்று சொல்வதும் வேலையில் சேர்த்திதான். நம் தளம் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் இதற்குப் போதும். வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள். அமைப்புகளில் உங்கள் மின்னஞ்சலை ஒரு பயனராகச் சேர்க்கச் சொல்லுங்கள், பார்க்க மட்டும் அனுமதி இருந்தால் போதும். முதலில் கட்டுரையின் முகவரியை மேலே உள்ள பெட்டியில் ஒட்டி, கூகுள் அதைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டதா என்று பாருங்கள். சேர்க்கவில்லை என்றால் வேறு எந்த எண்ணும் வராது. சில வாரங்கள்கூட ஆகலாம்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்துக்கு மட்டும் வடிகட்டிப் பார்த்தால் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை): முடிவுகளில் 1,800 முறை தோன்றியது, 36 பேர் அழுத்தினார்கள், அழுத்தும் விகிதம் 2 சதவீதம், சராசரி இடம் 11. ஆலைக்காரர் “பதினொண்ணா?” என்று முகம் சுளிப்பார். இந்தச் சராசரி எல்லாத் தேடல்களையும் கலந்த எண். தேடல்வாரியாகப் பிரித்தால், “அசல் மறையூர் வெல்லம்” மாதிரியான கேள்விகளுக்குப் பக்கம் நான்காவது, ஐந்தாவது இடத்தில் 200 முறை தோன்றி 28 அழுத்தம் வாங்கியிருக்கிறது. “மறையூர் வெல்லம் விலை” என்பதற்கு 700 முறை கீழே எங்கோ தோன்றி 2 அழுத்தம். கட்டுரையில் விலையே இல்லை, அதனால் இது தோல்வி ஆகாது. விலை தேடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு நம்மிடம் பக்கம் இல்லை என்று இது சொல்கிறது. கட்டுரையில் விலையைத் திணிக்காமல், விற்பனைப் பக்கத்தில் இன்றைய விலையைத் தெளிவாகப் போடச் சொல்லவேண்டும். தேடல்வாரி எண்களைக் கூட்டினால் மொத்தம் வராது. மிகச் சிலர் மட்டும் அடித்த தேடல்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடும். அறிக்கையில் இதை ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர் உங்களைச் சந்தேகப்படுவார்.

அறிக்கை ஒரு பக்கம் இருந்தால் போதும். எந்தக் கேள்விகளுக்கு வந்தோம், எத்தனை பேர் வந்தார்கள், அடுத்து என்ன செய்யலாம். அழுத்தியவர்களில் எத்தனை பேர் ஃபோன் செய்தார்கள் என்பது சர்ச் கன்சோலுக்குத் தெரியாது, ஆலைக்காரருக்குத்தான் தெரியும். “எங்கே பாத்துட்டு கூப்பிடுறீங்க?” என்று ஒவ்வொருவரையும் கேட்டு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். முதலிடம் வாங்கித் தருகிறேன் என்று எந்தக் கட்டத்திலும் வாக்குக் கொடுக்காதீர்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

வெல்லத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டிலும், ஓணத்தை ஒட்டிக் கேரளத்திலும் தேடல் ஏறும், பிறகு இறங்கும். ஜனவரியையும் பிப்ரவரியையும் பக்கத்தில் வைத்தால் கட்டுரை விழுந்துவிட்டது போலத் தெரியும். விழுந்தது பருவம். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கிறது, அதனால் இரண்டாவது ஆண்டிலிருந்து இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடு ஒப்பிடலாம். முதல் ஆண்டில் அந்த வசதி இல்லை. கூகுள் டிரெண்ட்ஸில் “வெல்லம்” என்று போட்டு, ஊர் முழுக்கத் தேடலே இறங்கியிருக்கிறதா என்று காட்டுங்கள். பொங்கல் கட்டுரை என்றால் அக்டோபரிலேயே வெளியாகிவிட வேண்டும். டிசம்பர் கடைசியில் குரல்பதிவு அனுப்புகிற ஆலைக்காரரிடம், இந்தப் பொங்கலுக்கு இது உதவாது, அடுத்ததற்கு உதவும் என்று முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.